ரோச்செஸ்டரில் ஓர் இரவு: தரையில் நின்ற விமானத்தில் ஊழியர்களிடம் எதைக் கேட்கலாம்?

2009 ஆகஸ்ட் 7ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் ஹூஸ்டனிலிருந்து மினியாபோலிஸுக்குக் கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2816 என்ற விமானம் கிளம்பியது. டிக்கெட் விற்றது கான்டினென்டல். விமானத்தை ஓட்டியது எக்ஸ்பிரஸ்ஜெட் என்ற துணை ஒப்பந்த நிறுவனம். 50 இருக்கைகள் கொண்ட எம்ப்ரேயர் ஜெட்டில் 47 பயணிகள், இரண்டு விமானிகள், ஒரே ஒரு கேபின் ஊழியர். கழிவறையும் ஒன்றுதான், பின்கோடியில்.

மினியாபோலிஸில் இடியும் மழையும். இறங்க வழியில்லாமல் விமானம் பக்கத்து ஊரான ரோச்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டு, நள்ளிரவு தாண்டி 12:30 மணிவாக்கில் தரையிறங்கியது. கதவு திறந்து பயணிகள் கட்டடத்துக்குள் போனபோது விடியற்காலை 6 மணி ஆகிவிட்டது. ஏறக்குறைய ஆறு மணி நேரம். கைக்குழந்தைகள் இருந்தார்கள். உணவு இல்லை. கழிவறைத் தொட்டி நிரம்பி நாற்றம் கேபின் முழுக்கப் பரவியது. அந்த நேரமெல்லாம் முனையக் கட்டடம் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

இப்படி ஒரு சம்பவத்தைக் கேட்டவுடன் நம் கோபம் ஊழியர்கள் மீதுதான் போகும். நான் இந்த வழக்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணமே அதுதான்: இங்கே கேப்டன் பயணிகளின் பக்கம் இருந்தார். அவர்களை இறக்கிவிடச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விசாரித்துவிட்டு, விமான ஊழியர்கள் மீது தவறில்லை என்று சொன்னது. தடுத்தது வேறொருவர். அந்த நேரத்தில் ரோச்செஸ்டரில் உதவக்கூடிய விமான நிறுவன ஆள் மெசாபா என்ற மற்றொரு நிறுவனத்தைச் சேர்ந்தவர். பாதுகாப்புச் சோதனை ஊழியர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஆகவே யாரையும் உள்ளே விட முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். அது தவறான தகவல். சோதனை முடித்தவர்கள் மட்டும் இருக்கும் பகுதியை விட்டு வெளியே போகாதவரை, இறங்கும் பயணிகளை மீண்டும் சோதிக்க வேண்டியதே இல்லை. அந்தக் கூடத்தில் அவர்களை உட்கார வைத்திருக்கலாம்.

அந்த ஆண்டு நவம்பரில் அபராதம் விதிக்கப்பட்டது. கான்டினென்டலுக்கும் எக்ஸ்பிரஸ்ஜெட்டுக்கும் சேர்த்து 1 லட்சம் டாலர், மெசாபாவுக்கு 75,000 டாலர். தரையில் பயணிகளை அடைத்துவைத்ததற்காக அந்தத் துறை அபராதம் போட்டது அதுவே முதல்முறை.

கேப்டன் கையில் இருப்பது எது, இல்லாதது எது

கதவைத் திறப்பது கேப்டனின் அதிகாரம்தான். ஆனால் திறந்த பிறகு பயணி கால் வைக்க ஏதாவது வேண்டும். ஏரோபிரிட்ஜ் அல்லது படிக்கட்டு வண்டி, அதை இயக்க ஆள், இறங்கியவர்கள் ஓடுபாதைப் பக்கம் போகாமல் கூட்டிப்போக ஒருவர், உள்ளே விடத் திறந்த வாசல். இவை அனைத்தும் விமான நிலையத்திடமோ தரைப்பணி நிறுவனத்திடமோ இருக்கின்றன. மின்னல் அடித்தால் தரைப்பணியாளர்கள் எல்லோரையும் திறந்த வெளியிலிருந்து உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். அப்போது படியும் வராது, எரிபொருளும் வராது, கழிவறைத் தொட்டியை உறிஞ்சும் வண்டியும் வராது.

கேபின் ஊழியரின் கையில் இன்னும் குறைவுதான். ஆனால் அவரிடம் ஒன்று இருக்கிறது: விமானி அறைக்குப் பேசும் இன்டர்காம். பயணிகள் அதைத்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கதவுக்குப் பின்னால் இருக்கும் விமானிக்குக் கேபினில் என்ன நடக்கிறது என்று தெரியாது. பன்னிரண்டாவது வரிசையில் ஒரு பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது, கழிவறை இனி தாங்காது, குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும். சொன்னால், வெளியே பேசும்போது அவர் வெறுமனே "பயணிகள் சிரமப்படுகிறார்கள்" என்று சொல்ல வேண்டியதில்லை. குறிப்பான காரணம் சொல்லிக் கேட்கலாம்.

அதனால் ஊழியரிடம் கேட்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். அவரே செய்து தரக்கூடியது ஒன்று. கேப்டனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது மற்றொன்று. "எப்போது கிளம்பும்?" என்பது இரண்டிலும் சேராது. பெரும்பாலும் அதற்கு விடை அவர்கள் யாரிடமும் இல்லை.

முதல் மணி நேரத்தில் கேட்க வேண்டியவை

ரோச்செஸ்டர் இரவில் ஒரு பயணி 1:30 மணிக்கு என்ன கேட்டிருக்கலாம் என்று யோசித்துப் பார்க்கலாம். "யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறோம்?" இதுதான் முதல் கேள்வி. வானிலைக்காகவா, போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதிக்காகவா, எரிபொருள் வண்டிக்காகவா, பயணிகள் இறங்கும் வாசலான கேட்டுக்காகவா? ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பின் குணம் வேறு. வானிலை என்றால் யாராலும் அவசரப்படுத்த முடியாது. தரைப்பணி ஆள் மறுக்கிறார் என்றால், அவருக்கு மேலே இன்னொருவர் இருப்பார். அந்த இரவில் அதுதான் விடுபட்டது. பிரச்சினை கீழ்மட்டத்தில் ஒரு மறுப்போடு நின்றுவிட்டது. மேலதிகாரி ஒருவர் விமான நிலைய நிர்வாகத்தோடு நேரடியாகப் பேசி அதை முடித்துவைக்கவில்லை.

"உங்கள் பணி நேரம் எத்தனை மணிக்கு முடிகிறது?" என்பது அடுத்தது. இது தனிப்பட்ட கேள்வி போலத் தோன்றலாம், ஆனால் நியாயமானது. பணிவாகக் கேட்டால் பெரும்பாலான ஊழியர்கள் சொல்வார்கள். விமானிகளும் கேபின் ஊழியர்களும் ஒரு நாளில் இத்தனை மணிக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்று சட்ட வரம்பு இருக்கிறது. விமானம் தரையில் சும்மா நிற்கும் நேரமும் பணி நேரத்தில் சேரும். அந்த வரம்பு முடிவதற்குள் போய்ச்சேர முடியாது என்றால், வானம் வெளுத்தாலும் அந்தக் குழுவால் விமானத்தை ஓட்ட முடியாது. மாற்று ஆள் வர வேண்டும். 2816இல் அதுதான் நடந்தது. இருந்த குழுவின் நேரம் முடிந்துபோய், வேறு குழுவை வரவழைக்க வேண்டியதாயிற்று. மாற்றுக் குழு வர மணிக்கணக்காகும் என்று தெரிந்த அந்தக் கணத்திலேயே, பயணிகளை உள்ளே வைத்திருப்பதற்கு எந்தக் காரணமும் மிச்சமில்லை. விமானிகளின் நேரம் முடிகிறது என்ற தகவல் பயணிக்குக் கிடைத்தால், "அப்படியானால் எங்களைக் கூடத்தில் உட்கார வைக்க முடியுமா என்று கேப்டனைக் கேட்கச் சொல்லுங்கள்" என்று அடுத்த வாக்கியம் தானாக வந்துவிடும்.

புறப்பாட்டு வரிசையில் நிற்கும் விமானத்துக்கு நிலைமை கொஞ்சம் வேறு. கேட்டுக்குத் திரும்பினால் வரிசையில் இடம் போய்விடும். மீண்டும் எரிபொருள், மீண்டும் காகித வேலை. சர்வதேசப் பயணத்தில் ஒருவர் இறங்கிவிட்டால் அவருடைய பெட்டியையும் சரக்கறையிலிருந்து தேடி எடுக்க வேண்டும், ஏனென்றால் ஆள் இல்லாமல் பெட்டி பறக்க அனுமதி இல்லை. பத்து நிமிடத்தில் அனுமதி கிடைக்கலாம் என்ற நிலையில் கேப்டன் திரும்பத் தயங்குவது இதனால்தான். ஆகவே "என்னை மட்டும் இறக்கிவிடுங்கள்" என்பது ஊழியருக்கு மிகக் கடினமான கோரிக்கை. "எத்தனை மணிக்குள் அனுமதி வராவிட்டால் திரும்புவதாகக் கேப்டன் வைத்திருக்கிறார்?" என்று கேட்பது எல்லோருக்கும் பயன்படும். அப்படி ஒரு நேரம் குறித்துக்கொள்ளப்பட்டிருக்கிறதா என்பதே தெரிய வேண்டிய விஷயம்.

கழிவறை, காற்று, தண்ணீர்

பெல்ட் விளக்கு எரிகிறது, ஊழியர் எழுந்திருக்க விடவில்லை, நாற்பது நிமிடமாக விமானம் அசையவே இல்லை. அதிகச் சண்டை இங்கேதான் வருகிறது. ஓடுபாதைக்குப் போகும் வழியான டாக்ஸிவேயில் வரிசையாக நிற்கும்போது விமானம் எந்த நேரமும் நகரலாம். நடைபாதையில் ஒருவர் நிற்கும்போது திடீரென்று பிரேக் போட்டால் அவர் விழுந்து காயப்படுவார். அதனால் ஆள் நடமாடினால் விமானி நகர்த்த மாட்டார். வரிசையில் தன் முறையை இழக்கவும் நேரலாம். இதற்கு வழி இருக்கிறது. பார்க்கிங் பிரேக் போட்டு நிற்கும் நேரத்தில் கேப்டன் பெல்ட் விளக்கை அணைத்து, "இந்தப் பதினைந்து நிமிடத்தில் போய்வாருங்கள்" என்று அறிவிக்கலாம். பல கேப்டன்கள் அப்படித்தான் செய்கிறார்கள். எனவே "நான் போகலாமா?" என்று கேட்பதைவிட, "நிற்கும்போது ஒரு இடைவெளி அறிவிக்க முடியுமா என்று கேப்டனிடம் கேட்கிறீர்களா?" என்பது ஊழியர் சுலபமாக எடுத்துச்செல்லக்கூடிய வார்த்தை. அவசரம் என்றால் அவசரம் என்றே சொல்லுங்கள். நோயோ கர்ப்பமோ இருந்தால் காரணத்தையும் சொல்லிவிடலாம்.

தொட்டி நிரம்புவது வேறு வகைச் சிக்கல். சிறிய ஜெட்டில் ஒரே கழிவறை என்றால் சில மணி நேரத்தில் அது பயன்படாமல் போய்விடும். முன்கூட்டியே அறிகுறி தெரியும்: ஃப்ளஷ் அழுத்தினால் முழுதாக இழுக்காது, நாற்றம் மேலே வரும். அந்த நிலையில் உடனே ஊழியரிடம் சொல்ல வேண்டும். தொட்டியை உறிஞ்சும் வண்டி வரவும் நேரம் பிடிக்கும். கழிவறை முற்றிலும் நின்ற பிறகு சொன்னால் இடைப்பட்ட நேரம் வீணாகிவிடும். இன்னொன்று, வேலை செய்யும் கழிவறை இல்லை என்பது, பயணிகளை இறக்கிவிடக் கேட்கக் கேப்டனுக்குக் கிடைக்கும் மிக உறுதியான காரணங்களில் ஒன்று.

காற்றைப் பற்றிச் சொல்ல 2017 ஜூலை 31 அன்று கனடாவின் ஒட்டாவாவில் நடந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். மான்ட்ரியலுக்குப் போக வேண்டிய ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் இரண்டு விமானங்கள், ஒன்று பிரஸ்ஸல்ஸிலிருந்து, மற்றொன்று ரோமிலிருந்து, மோசமான வானிலையால் அங்கே திருப்பிவிடப்பட்டன. ஒன்று ஏறக்குறைய ஐந்து மணி நேரமும் மற்றொன்று ஆறு மணி நேரமும் தரையில் நின்றன. பிரஸ்ஸல்ஸ் விமானத்தில் எரிபொருள் தீர்ந்துபோனது. என்ஜின்கள் நிறுத்தப்பட்டிருக்கும்போது வாலில் இருக்கும் ஒரு சிறிய துணை இயந்திரம்தான் மின்சாரமும் குளிர்ந்த காற்றும் தருகிறது. அதுவும் அதே தொட்டியிலிருந்து எரிபொருள் குடிக்கிறது. எரிபொருள் தீர்ந்ததும் விளக்கும் காற்றும் போயின. கேபினில் வெப்பம் ஏறியது. கடைசியில் ஒரு பயணி அவசர எண்ணான 911ஐக் கூப்பிட்டார்; மீட்புப் பணியாளர்கள் தண்ணீர் பாட்டில்களோடு வந்தார்கள்.

அந்த விசாரணையில் தெரியவந்த விஷயம் எனக்கு ரோச்செஸ்டரைவிடக் கவலை தருகிறது. எரிபொருள் இன்னும் அரை மணி நேரத்தில் வந்துவிடும் என்ற எண்ணத்திலேயே விமானிகள் இருந்தார்கள். அரை மணி முடிந்ததும் இன்னொரு அரை மணி. எந்த அரை மணியிலும் பயணிகளை இறக்குவது அவசியமாகத் தோன்றவில்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் சொந்தப் பயண விதியிலேயே, 90 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால், பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்றால் பயணிகளுக்கு இறங்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று எழுதியிருந்தது. கனடாவின் போக்குவரத்து முகமை 2,95,000 கனடிய டாலர் அபராதம் விதித்தது.

இதிலிருந்து ஒரு பயணி எடுத்துக்கொள்ளக்கூடியது மிகச் சுலபமானது. அரை மணி என்று அறிவித்தால் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறையும் அரை மணி என்றால் ஊழியரிடம் கேளுங்கள்: "முதலில் 3:10 மணிக்குச் சொன்னீர்கள், இப்போது 3:50. இந்த அரை மணிக்கு என்ன ஆதாரம்? எரிபொருள் வண்டி கிளம்பிவிட்டதா, இல்லை வரிசையில் நமக்கு எண் இருக்கிறதா?" நேரங்களைச் சேர்த்துச் சொல்லும்போது, காத்திருப்பின் மொத்த நீளம் கேப்டனின் கண்ணுக்குத் தெரிகிறது. தனித்தனி அரை மணிகளாக அது தெரிவதில்லை.

காற்று நின்றால் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். துணை இயந்திரம் பழுதாக இருக்கலாம், எரிபொருளை மிச்சம் பிடிக்க நிறுத்தியிருக்கலாம். ஜன்னல் திரைகளை இறக்கச் சொல்வதும், ஏற்கெனவே படி பொருத்தியிருந்தால் கதவைத் திறந்துவைக்கச் சொல்வதும் கேட்கத்தக்கவையே. படி இல்லாமல் கதவைத் திறந்துவைக்க மாட்டார்கள். அங்கிருந்து தரை பல அடி கீழே இருக்கிறது.

தண்ணீரைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். உணவு விஷயத்தில் குறுகிய தூர விமானத்தில் பிஸ்கட், கடலைக்கு மேல் எதுவும் ஏற்றப்பட்டிருக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இருப்பதைக் குழந்தைகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் முதலில் கொடுக்கச் சொல்வது நியாயம்.

உடம்பு சம்பந்தப்பட்டவை

இன்சுலின், இதய மாத்திரை, இன்ஹேலர் எதுவாக இருந்தாலும் மேலே இருக்கும் பையிலிருந்து எடுத்துத் தரும்படி கேட்கலாம். எழுந்திருக்கத் தடை இருக்கும்போதும் ஊழியர் அதைச் செய்ய வழி பார்ப்பார். யாருக்காவது நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தால் "மருத்துவ உதவி வேண்டும், கேப்டனிடம் உடனே சொல்லுங்கள்" என்று நேராகச் சொல்ல வேண்டும். விவரங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எப்போது தொடங்கியது, வயது என்ன, என்ன மருந்து சாப்பிடுகிறார். மருத்துவ அவசரம் என்று கேப்டன் அறிவித்தால் வெளியே எல்லோருடைய முன்னுரிமையும் மாறிவிடுகிறது. அதனாலேயே இல்லாத நோயைச் சொல்லிக் கதவைத் திறக்க வைக்க முயலக் கூடாது. ஆம்புலன்ஸ் வேறொருவருக்குத் தேவைப்படும் நேரமாக அது இருக்கலாம்.

செய்யவே கூடாத ஒன்று, பொறுமை இழந்து அவசரக் கதவைத் திறப்பது. கதவுகள் மூடி விமானம் கேட்டிலிருந்து நகரும்போது, ஆபத்தில் பயணிகள் சறுக்கி இறங்குவதற்கான சறுக்குமெத்தை தயார் நிலையில் வைக்கப்படுகிறது. கைப்பிடியை இழுத்தால் அது வெடிப்பது போல வெளியே விரியும். கீழே ஆள் இருந்தால் அடிபடுவார். மெத்தையை மாற்றும்வரை அந்த விமானம் பறக்காது. பிறகு வழக்கும் வரும்.

கடிகாரம் எங்கே தொடங்குகிறது

ரோச்செஸ்டருக்குப் பிறகு அமெரிக்கா விதியைக் கடுமையாக்கியது. 2010 ஏப்ரல் முதல் உள்நாட்டு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் பயணிகளுக்கு இறங்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும். 2011இல் சர்வதேச விமானங்களுக்கு நான்கு மணி நேரம் என்று சேர்த்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீரும் ஏதாவது உணவும், தொடர்ந்து வேலை செய்யும் கழிவறை, தேவைப்பட்டால் மருத்துவ உதவி. கனடா 2019இல் தன் விதியைக் கொண்டுவந்தது: மூன்று மணி நேரம், புறப்பட வாய்ப்பு நெருங்கிவிட்டால் மட்டும் மேலும் 45 நிமிடம். இரண்டிலும் விதிவிலக்கு உண்டு. இறக்குவது ஆபத்து என்றாலோ, விமான நிலையம் முழுவதும் நிலைகுலையும் என்று கட்டுப்பாட்டாளர் சொன்னாலோ அந்த வரம்பு நீளும். வேறு நாடுகளில் வேறு வேறு விதிகள். எதுவுமே இல்லாத இடங்களில் நிறுவனத்தின் பயண விதிகளைப் பார்க்க வேண்டும். அவை நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும், தொலைபேசியில் அந்த இருக்கையிலிருந்தே தேடிப் படிக்கலாம். ஒட்டாவாவில் 90 நிமிட வாக்கியம் அப்படி ஓர் ஆவணத்தில்தான் இருந்தது.

அந்த நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். புறப்படும் விமானத்தில், பயணிகள் இறங்கிக்கொள்ளும் வாய்ப்பு முடிந்த கணத்திலிருந்து, அதாவது பெரும்பாலும் கதவு மூடியதிலிருந்து. வந்திறங்கிய விமானத்தில் சக்கரம் தரையைத் தொட்டதிலிருந்து. கதவு திறந்து "வேண்டுமானால் இறங்கலாம்" என்று சொல்லிவிட்டால் கணக்கு அங்கே நிற்கும். நாம் இறங்காமல் உட்கார்ந்திருந்தாலும் அது அடைத்துவைத்ததாகாது. அதனால் கேட்டில் நிற்கும் விமானத்தில் கதவு திறந்திருந்தால் இதையும் கேட்டுவிடுங்கள்: "இப்போது நாங்கள் இறங்க அனுமதி இருக்கிறதா? இறங்கினால் திரும்பி ஏற எத்தனை நிமிடம் முன்பு கூப்பிடுவீர்கள்? பையை எடுத்துக்கொண்டு போக வேண்டுமா?"

பிறகு புகார் எழுத நினைப்பவர்கள் சில நேரங்களைத் தொலைபேசியில் குறித்துவைத்துக்கொண்டால் போதும். கதவு மூடியது, விமானம் நகர்ந்தது அல்லது தரைதொட்டது, ஒவ்வொரு அறிவிப்பும் அதில் சொன்ன காரணமும், முதல் தண்ணீர் வந்தது, கழிவறை நின்றது, காற்று நின்றது, கதவு திறந்தது. ஊழியரின் பெயரைக் கேட்டு மிரட்ட வேண்டியதில்லை. விமான எண்ணும் தேதியும் இருந்தால் அன்று பணியில் இருந்தது யார் என்பது நிறுவனத்துக்கே தெரியும். அந்த ஊழியர் உங்களுக்காக இன்டர்காமை எத்தனை முறை எடுத்தார் என்பதையும் எழுதுங்கள். 2816இன் கேப்டன் மீது பழி விழாமல் போனதற்குக் காரணம், அவர் இறக்கிவிடச் சொல்லிக் கேட்டது விசாரித்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்ததுதான்.